விற்கும் அதிகாரம் இல்லை

பதிவு அலுவலக வாசலிலேயே மாமாவுக்கு முதல் அறை விழுந்தது. அறைந்தவர் கல்குவாரி முதலாளி. அத்தனை பேர் பார்க்க, படிக்கட்டில் வைத்து, சட்டையைக் கொத்தாகப் பிடித்து அறைந்தார். மாமாவின் கண்ணாடி தெறித்துப் போய்ப் படிக்கட்டுக்குக் கீழே விழுந்தது. யாரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

உள்ளே வக்கீலம்மாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகள் சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். மருமகள் என்றால் மாமாவின் அக்கா மகள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அறை விழுந்த சத்தம் கேட்டதும் அவள் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது.

"போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

"பேசாம உட்காருங்க. இன்னைக்கு உங்களைப் பார்த்தா ரெண்டு பேருக்குமே கோவம் ஏறும்," என்றார் வக்கீலம்மா.

விஷயம் இதுதான். மருமகளின் அம்மா பல வருடங்களாக வெளிநாட்டில் மகனோடு இருக்கிறாள். இங்கே அவள் பேரில் ஒரு மாடி வீடு. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் வேலைக்குப் போய்க் கட்டிய வீடு. கிளம்பும்போது அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பிக்கு ஜெனரல் பவர் என்கிற பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். வாடகை வாங்க, வரி கட்ட, வழக்கு நடத்த, அடமானம் வைக்க, விற்க என்று எல்லாமே அதில் இருந்தது. அம்மா வாடகை, வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டாள். கூடப் பிறந்தவன்தானே என்று கையெழுத்துப் போட்டாள்.

மாமா மாடியில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார். அவர்கள் மாட்டோம் என்றதும் ஒரு காலை வேளையில் ஆட்களோடு போய்க் கட்டிலையும் பாத்திரங்களையும் பால்கனியிலிருந்து தெருவில் வீசினார். தடுக்க வந்த குடித்தனக்காரரின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். அந்த மனிதரின் மனைவி தெருவில் நின்றபடியே அம்மாவுக்கு போன் போட்டு அழுதாள். அப்போதுதான் அம்மாவுக்கு வீடு விலை பேசப்பட்டிருப்பதே தெரிந்தது. கல்குவாரி முதலாளியிடம் முன்பணம் வாங்கி மாமா அதைச் செலவும் செய்துவிட்டிருந்தார்.

"ரத்து பண்ணிடலாம்," என்றார், அப்போது மகள் தேடிப்போன வக்கீலம்மா. "ஆனா ரத்துன்னு வாயால சொன்னா பத்தாது. அம்மா அங்க தூதரகத்துக்கு நேர்ல போகணும். அதிகாரி முன்னாடி ரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். அது இங்க வந்து முத்திரைத்தீர்வை கட்டி, பதிவாகணும். உங்க மாமாவுக்கும் வாங்கப் போறவருக்கும் நோட்டீஸ் போகணும். ரத்தானது தெரியாம நல்லெண்ணத்துல வாங்கினேன்னு அவர் சொல்லிட்டா, அப்புறம் வருஷக்கணக்கா கோர்ட்டுலதான் நிக்கணும்."

அதையெல்லாம் இங்கே செய்ய ஓர் ஆள் வேண்டும் அல்லவா, அதற்காக அம்மா மகள் பேரில் ஸ்பெஷல் பவர் ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள். ரத்துப் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்வது, நோட்டீஸ் கொடுப்பது, காலியான மாடியைப் பொறுப்பில் எடுத்துப் பூட்டுவது. அவ்வளவுதான். 'விற்கவோ அடமானம் வைக்கவோ இதில் அதிகாரம் இல்லை' என்று தனி வரியாகவே எழுதச் சொல்லியிருந்தாள். ஒரு தடவை சுட்டுக்கொண்டவள். பெற்ற மகளுக்கும் இப்படி அளந்து கொடுக்கிறாளே என்று மகளுக்கு உள்ளுக்குள் ஒரு முள் குத்தத்தான் செய்தது.

நோட்டீஸை மாமா தபால்காரரிடம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். கல்குவாரிக்காரருக்குப் போனது அவருடைய அலுவலகத்தில் பிரிக்காமலே கிடந்தது. ஆகவே அன்று காலை இருவரும் கிரயப் பத்திரத்தோடு வந்து அதிகாரி முன்னால் உட்கார்ந்தார்கள். அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். "இந்த பவர் ரத்தாயிடுச்சுங்க. பதிவு பண்ண முடியாது," என்றார். வெளியே வந்ததும்தான் அந்த அறை; பதிவான ரத்துப் பத்திரத்தை வாங்க வந்திருந்த மகள் பார்த்தது அதைத்தான்.

மத்தியானமே பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மாவின் வீட்டுக்குப் போனாள். மாடிக்கு வெளிப்புறமாக ஏறும் படிகளில் உடைந்த கண்ணாடியும் யாரோ குழந்தையின் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. பூட்டுக்காரர் பழைய பூட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். அம்மாவுக்குக் காட்டலாமென்று அவள் வீடியோ கால் போட்டாள்.

"சுவரெல்லாம் என்னடி இப்படிக் கிடக்கு?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே கார் கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

மாமா முதலில் ஏறி வந்தார். உதடு வீங்கியிருந்தது, கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. பின்னால் கல்குவாரிக்காரர், அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர். பூட்டுக்காரர் "நான் கூலிக்கு வந்தவன் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் அவரை வயிற்றில் உதைத்தான். அவர் உருண்டு படிகளில் விழுந்தார். எழுந்தவர் திரும்பிப் பார்க்காமல் நொண்டிக்கொண்டே ஓடினார்.

"உன் பேர்ல பவர் இருக்காமே, ஆபீஸ்ல சொன்னாங்க." மாமா கிரயப் பத்திரத்தை அவள் முன்னால் நீட்டினார். அக்காவுக்காகக் கையெழுத்துப் போடுகிற ஆளின் பெயரை மட்டும் மாற்றிப் புதிதாக எழுதி வந்திருந்தார்கள். "அக்காவுக்காக நீ கையெழுத்துப் போடு. இப்பவே போய்ப் பதிவை முடிச்சிடலாம்."

"என்னால போட முடியாது மாமா."

"முடியாதா, மாட்டியா?"

"முடியாது. எனக்குக் குடுத்தது..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. பூட்டுக்காரர் விட்டுப்போன இரும்புக் கம்பி தரையில் கிடந்தது. மாமா அதை எடுத்து அவள் தலைக்கு ஓங்கினார். தலையைக் காக்க அவள் கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் விழுந்தது. முறிந்த சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே எந்த எலும்பு, எந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை படம் பிடித்துப் பார்த்த இடம். வலி அதற்குப் பிறகு வந்தது. வந்ததும் அவளை மண்டியிட வைத்தது. போன் கைநழுவித் தரையில் மல்லாந்து விழுந்தது. அதிலிருந்து அம்மாவின் அலறல் வந்துகொண்டே இருந்தது.

"தம்பி, அடிக்காதேடா. அவளை விடுடா. நான் எழுதித் தரேன். எவனுக்கு வேணும்னாலும் எழுதித் தரேன்."

"கேட்டீங்கல்ல, அக்காவே சம்மதிச்சிட்டாங்க," என்று மாமா கல்குவாரிக்காரரிடம் திரும்பினார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"அம்மா, எதையும் எழுதாதே," என்றாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு கல்குவாரிக்காரரைப் பார்த்தாள். "போன்ல சொன்னா பதிவாகாதுங்க. அவங்க அங்க அதிகாரி முன்னாடி போய் நிக்கணும். என் பவர் கதவுகிட்ட கிடக்கிற என் பையில இருக்கு. நீங்களே படிச்சுப் பாருங்க."

கல்குவாரிக்காரர் பையிலிருந்து எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் நின்று, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நிலம் வாங்கி விற்றுப் பழகிய ஆள். எந்த வரியைத் தேட வேண்டுமென்று தெரியும். அந்த வரி வந்ததும் அதன் மேல் விரலை வைத்து நிறுத்தினார். கடைசிப் பக்கத்து முத்திரையையும் பார்த்தார். மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்தார்.

"இந்தப் பொண்ணு கையை வெட்டிக் கொண்டுபோய் வச்சாலும் பதிவாகாது," என்றார். "இது விற்கிற பவரே இல்ல. இதை நம்பியா என்னை ரெண்டாவது தடவை இழுத்துட்டு வந்தே?"

"இல்லண்ணே, ஜெனரல் பவர்னு நினைச்சு..."

ஆட்களில் ஒருவன் மாமாவைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, மற்றவன் கம்பியைப் பிடுங்கி முழங்காலில் அடித்தான். கீழே விழுந்தவரின் முகத்தைக் கல்குவாரிக்காரர் தன் செருப்புக் காலால் மிதித்தார். ஒரு முறை அல்ல. பல் ஒன்று தரையில் சறுக்கிக்கொண்டு அவள் முழங்கால் வரை வந்தது. தன்னை அடித்தவன் அடிபடுவதைப் பார்க்க அவளுக்கு முதலில் நிறைவாகக்கூட இருந்தது. அதை அவள் பிறகு வக்கீலம்மாவிடம் மறைக்கவில்லை. மாமாவின் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லாமல் போனபோதுதான் அந்த நிறைவு போய்ப் பயம் வந்தது. இவர்கள் இவரைக் கொல்லப்போகிறார்கள். கொன்ற பிறகு, பார்த்தவளை விட்டுவைப்பார்களா?

கம்பி ஓங்கியவன் மூச்சு வாங்க நின்றான். அந்த நேரத்தில் அவள் நல்ல கையால் பூட்டுக்காரரின் சுத்தியலை எடுத்து அவன் பாத எலும்பின் மேல் முழு பலத்தோடு இறக்கினாள். அவன் ஊளையிட்டுச் சாய்ந்தான். பிடித்திருந்தவனும் கல்குவாரிக்காரரும் அவனைத் தாங்கப் போனார்கள். அவள் மாமாவின் காலரைப் பற்றி, போனையும் காலால் தள்ளிக்கொண்டு, பக்கத்து அறைக்குள் அவரை இழுத்துப் போட்டுத் தாழிட்டாள். முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். கதவு மூன்று நான்கு தடவை அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வும் மணிக்கட்டில் போய் இறங்கியது.

"அம்மா, போனை வை. நான் போலீசைக் கூப்பிடணும்."

அவள் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. ஓடிப்போன பூட்டுக்காரர் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் ஓடியிருக்கிறார். கதவு அதிர்வது நின்றது. கீழே கார் கிளம்பியது. தெருமுனையிலேயே போலீஸ்காரர்கள் மடக்கிவிட்டார்கள்.

மாமாவின் தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் கைக்குத் தகடு வைத்து ஆணி அடித்தார்கள். இருவரையும் ஒரே மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். மாமாவின் கட்டில் வாசலில் காவலுக்கு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவள் கல்குவாரிக்காரர் மேலும் ஆட்கள் மேலும் மட்டுமல்ல, மாமா மேலும் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள்.

வார்டில் அவளைக் கூப்பிட்ட அம்மா முதலில் கையைக் காட்டச் சொன்னாள். பார்த்து அழுதாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"உனக்கே ஜெனரல் பவர் எழுதி அனுப்பிடறேன். உன்னை நம்பாம இருந்தது என் தப்புதான். எல்லாம் நீயே பார்த்துக்கோ."

"வேண்டாம்மா. நீ அன்னைக்கு விற்கிற அதிகாரமும் சேர்த்துக் குடுத்திருந்தா, நான் பயத்துல கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த ஒரு வரி இருந்ததாலதான் வீடு நின்னுது. இனிமேலும் என்ன வேலையோ அதுக்கு மட்டும் எழுதிக் குடு. குடித்தனம் வைக்கணும்னா அதுக்கு ஒண்ணு. வழக்கு நடத்தணும்னா அதுக்கு ஒண்ணு."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. இன்னொண்ணு. மாமா மேல குடுத்த புகாரை மட்டும் எடுத்துடுடி. ஒரு கண்ணும் போச்சு. பல்லும் போச்சு. என் கூடப் பிறந்தவன். நான் சொல்றேன்னு எடுத்துடு."

"வீடு உன்னுது. அதுல நீ சொன்னதைத் தாண்டி நான் ஒண்ணும் செய்யமாட்டேன். கை என்னுதும்மா."

"அவனைக் காப்பாத்தினதும் நீதானே."

"காப்பாத்தினேன். அதுக்காக அடிச்சது இல்லைன்னு ஆயிடாது."

அம்மா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பல நாள் கூப்பிடவில்லை. மாடிக்குக் குடித்தனம் வைக்க ஸ்பெஷல் பவர் ஒன்று வந்தது, உள்ளே நலம் விசாரித்து ஒரு வரிகூட இல்லாமல். மகள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிப் பதிவு செய்து, விரல் நசுங்கிய அந்தக் குடித்தனக்காரரையே தேடிப்போய்த் திரும்பக் கூட்டி வந்தாள். அவர் மனைவி வீட்டுக்குள் வரச் சம்மதிக்க வெகுநேரம் பிடித்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. மாமா ஒற்றைக் கண்ணோடு வாய்தாவுக்கு வருகிறார். அவள் சாட்சிக்கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்கும்போது மாமா தலை குனிந்திருந்தார். அவள் அவரைத் தாண்டி நடந்து வெளியே போனாள்.