இடப்பக்கம் உட்கார்ந்து படித்த பிரமாணப் பத்திரம்

தையல்காரம்மா மூன்று முறை தலையசைத்தார். நான் எண்ணினேன். பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லிவிட்டு, "சரிதானேம்மா?" என்று கேட்க வேண்டும், அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த பத்திக்குப் போக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். மூன்று பத்தி, மூன்று தலையசைப்பு. சிறு நோட்டில் மூன்று டிக் போட்டேன். கடைசியில், "மேற்கண்டவை இவருக்குப் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்" என்ற வரிக்குக் கீழே, படித்துக் காட்டியவள் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

பகலில் நான் ஒரு கிரிமினல் வக்கீல் அலுவலகத்தில் டைப் செய்கிறேன். மாலையில் சட்ட வகுப்பு, இரண்டாம் ஆண்டு. எதையும் இருமுறை சரிபார்ப்பதால் அலுவலகக் குமாஸ்தா அண்ணன் எனக்கு 'டிக் மார்க்கு' என்று பெயர் வைத்திருக்கிறார். சரிபார்ப்பது திறமையா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் கட்சிக்காரர் தையல்காரம்மாவின் தம்பி. அரசு பஸ் ஓட்டுநர். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டின் முன்னறை அக்காவின் தையல்கடை. அதை வாடகைக்கு விட வேண்டும் என்று தம்பி கேட்க, அவர் மறுக்க, ஒருநாள் ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியால் தம்பி அவர் தலையில் அடித்துவிட்டார். வழக்கு வந்தது. ஓட்டுநருக்கு வேலை இடைநீக்கம். தண்டனை வந்தால் வேலையே போய்விடும். பதினான்கு மாதம் கழித்து, முன்னறையை அக்கா பெயருக்கே எழுதிவைத்து, இரு தரப்பும் ராஜியாகிவிட்டார்கள்.

முதல் நாள் அவர்கள் வந்தபோது ஓட்டுநரின் மனைவிதான் பேசினார். "அதான் நாங்க பேசி முடிச்சிட்டோமே சார். கீழ்க் கோர்ட்டுலயே எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம்ல?"

என் சீனியர் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க முடிச்சிட்டா ஆச்சாம்மா? கேஸ் போட்டது அரசாங்கம். வாய்த்தகராறு, ஒரு அறை, இந்த மாதிரி சின்னக் காயம்னா அடிபட்டவங்களே கோர்ட்டுல வந்து சமாதானம்னு சொல்லிடலாம். ஜட்ஜ் அனுமதிகூட வேணாம். கையாலயே அடிச்சு எலும்பு ஒடஞ்சதுன்னு வைங்க, அதுக்கும் சமாதானம் உண்டு, ஆனா கோர்ட்டு அனுமதி குடுக்கணும். ரெண்டுலயும் சமாதானம் ஆயிட்டா விடுதலை ஆனதுக்குச் சமம்."

"நாங்களும் அதத்தான கேக்குறோம்."

"உங்க வீட்டுக்காரர் கம்பி எடுத்துட்டாரே. ஆயுதத்தால கொடுங்காயம்னா அது சமாதானப் பட்டியல்லயே இல்ல. கீழ்க் கோர்ட்டு ஜட்ஜ் மனசு வச்சாலும் அவருக்கு அதிகாரம் கெடையாது. ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும். அதுக்குத் தனி அதிகாரம் இருக்கு. குடும்பத்துக்குள்ள நடந்த தகராறா, அடிபட்டவங்க தானா வந்து சொல்றாங்களா, கேஸ நடத்துறதுல இனி அர்த்தம் இருக்கான்னு பாத்து, கேஸையே ரத்து பண்ணலாம். அதுதான் குவாஷ். பண்ணியே ஆகணும்னு இல்ல. கொலை, பலாத்காரம்னா ரெண்டு வீடும் கட்டிப்பிடிச்சு நின்னாலும் பண்ண மாட்டாங்க."

"அப்ப எங்களுக்கு?"

"உங்க நாத்தனார் ஜட்ஜ் முன்னாடி நின்னு சொல்றதப் பொறுத்து."

அறையில் எல்லோரும் தையல்காரம்மாவைப் பார்த்தார்கள். அவர் சீனியரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அன்று நான் மரியாதை என்று நினைத்தேன்.

அவருக்குத் தனி வக்கீல் உண்டு, பக்கத்து அறைக்காரர், சீனியரின் நண்பர். இம்மாதிரி வழக்குகளில் பிரமாணப் பத்திரத்தை மட்டும் எங்கள் அலுவலகத்திலேயே அடித்துவிடுவது வழக்கம். பழைய வழக்கு ஒன்றின் பத்திரத்தைத் திறந்து, பெயர், வயது, தேதி மாற்றி நான் அடித்தேன். கையெழுத்து வாங்கிய நாளில் என் மேசையின் வலப்பக்கம் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரம்மாவின் நாற்காலிக்கு இடப்பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்தேன். "அவங்களுக்கு எல்லாம் தெரியும், நீ சீக்கிரம் படிம்மா" என்றார் ஓட்டுநரின் மனைவி.

அன்று மாலை வகுப்பில் கொடுங்காயம் என்பதற்கான பட்டியலை ஆசிரியர் எழுதச் சொன்னார். கண் பார்வை போவது, எலும்பு முறிவது. "ஏதாவது ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது" என்று எழுதும்போது என் பேனா நின்றது.

தையல்காரம்மாவின் மருத்துவச் சான்றிதழை நான்தான் கோப்பில் கட்டினேன். இடது காது. நிரந்தரம். அதன் ஓரத்தில் என் டிக் இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது முன் இருக்கையில் ஒரு பெண் தூங்கிக்கொண்டு வந்தார். பஸ் குலுங்கக் குலுங்க அவர் தலை ஆடியது. சரி, சரி, சரி என்பதுபோல. நான் எழுந்துபோய் நின்றுகொண்டேன். மறுநாள் டைப் செய்யும்போது, யாராவது தலையசைத்தாலே வாக்கியம் கலைந்தது. வலது காதில் கேட்டிருக்கலாமே என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பிரிண்டர் ஓடிய பக்கம் அதுதான். விடியற்காலையில் கண் விழித்தால் அந்த முகம் எதிரில் இருந்தது. புன்னகையுடன், எதுவும் கேட்காமல், ஒப்புக்கொண்டபடி.

உயர் நீதிமன்ற விசாரணைக்கு முந்தின நாள்தான், கேட்காத காதுப் பக்கம் உட்கார்ந்து படித்ததைச் சீனியரிடம் சொன்னேன்.

"கோப்ப கட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"படிச்சது?"

"நான்தான்."

"நாளைக்குக் காலைல அந்தம்மாவத் தனியா உட்கார வச்சு மறுபடி படி. அவங்க வக்கீல் கூட இருக்கட்டும். வலது பக்கம் உட்காரு."

உயர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு நீண்ட பெஞ்ச். தையல்காரம்மாவுக்கு வலப்பக்கம் நான், எனக்கு அடுத்து அவருடைய வக்கீல். ஓட்டுநரும் மனைவியும் தூணுக்கு அப்பால் நின்றார்கள். ஓட்டுநர் சீருடைச் சட்டை போட்டிருந்தார். இடைநீக்கத்தில் இருப்பவர் ஏன் அதைப் போட்டுவந்தார் என்று புரியவில்லை. வேறு நல்ல சட்டை இல்லாமல் இருக்கலாம்.

"அன்னைக்கு நான் படிச்சது உங்களுக்குக் கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"உன் வாய் அசஞ்சுது. கடைல வர்றவங்க பேசினாலும் பாதி அப்படித்தான். தலையாட்டினா கோவிச்சுக்காமப் போயிடுறாங்க."

மீண்டும் படித்தேன். முதல் பத்திக்கு, "ஆமா" என்றார். இரண்டாவது பத்தியில் பழைய வழக்கிலிருந்து வந்த வாக்கியம் ஒன்று இருந்தது: "மனுதாரர் என்னைத் தாக்கவில்லை. தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டேன்."

"நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன்.

"தாக்கலையா?"

"அது... பழைய கேஸ்ல இருந்த வரிம்மா. நான் எடுக்காம விட்டுட்டேன்."

"அப்ப இந்தக் காதுல நாள் பூரா ரீங்காரம் கேக்குதே, அது யாரு வச்சது, நானே வச்சுக்கிட்டதா?" அவர் குரல் உயரவில்லை. "பாப்பா, கேஸ் வேணாம்னு சொல்றேன். நெசமாத்தான் சொல்றேன். நடக்கவே இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

தூணுக்கு அப்பாலிருந்து ஓட்டுநரின் மனைவி வந்துவிட்டார். "என்ன அண்ணி, கடைசி நேரத்துல? உங்க தம்பி வேலைய நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுத்தான் வந்திருக்கேன். நீ போய் நில்லு."

நான் ஓடிப்போய் சீனியரிடம் சொன்னேன். இத்துடன் எல்லாம் கெட்டுவிட்டது, என்னால் ஒருவருக்கு வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் அந்த வரியைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"நல்லவேளை. காது போச்சுன்னு டாக்டர் சர்டிபிகேட் உள்ள இருக்கு, அடிக்கலன்னு பத்திரம் சொல்லுது. ஜட்ஜ் பாத்தா மெரட்டி எழுதி வாங்கினோம்னுதான் நெனப்பாரு. பொய்ச் சத்தியம்னு அந்தம்மாவ வேற கேப்பாங்க. குவாஷ் பண்ண, நடக்கலன்னு யாரும் சொல்லத் தேவையில்ல. நடந்தத மன்னிச்சு விடுறேன், கேஸ் தொடர வேணாம்னு சொன்னாப் போதும். நானும் இத வாசிக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கேன் பாரு."

வழக்கு எண்ணைக் கூப்பிட்டபோது, இரு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து பிற்பகலுக்குத் தள்ளிவைக்கக் கேட்டார்கள். நீதிமன்ற வளாகத்து டைப்பிங் கடையில் உட்கார்ந்து இரண்டாம் பத்தியைப் புதிதாக அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்: "என் தம்பி இரும்புக் கம்பியால் என்னை அடித்தது உண்மை. என் இடது காது கேட்பதில்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி அவரை மன்னிக்கிறேன். வழக்கைத் தொடர எனக்கு விருப்பமில்லை." வலப்பக்கம் உட்கார்ந்து படித்தேன். இந்த முறை டிக் போடவில்லை. ஒவ்வொரு வரியையும் அவரே திருப்பிச் சொன்னார். உறுதிமொழி அலுவலர் முன் கையெழுத்திட்டார்.

பிற்பகல் நீதிபதி தையல்காரம்மாவை முன்னால் அழைத்தார். இவர்தான் அடிபட்டவர் என்று போலீஸ் அதிகாரி அடையாளம் சொன்னார். சற்றுத் தள்ளி நின்ற தம்பி, தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டி, முன்னால் கட்டி, தொங்கவிட்டார்.

"உங்களை அடித்தது உண்மை என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் வழக்கு வேண்டாம் என்கிறீர்கள்? யாராவது சொல்லச் சொன்னார்களா?" என்று நீதிபதி சத்தமாகக் கேட்டார்.

"இல்லங்கய்யா. விசாரணைன்னா அந்தக் கம்பியக் கொண்டுவந்து காட்டி, இதுவான்னு கேப்பாங்களாம். அடையாளச் சீட்டு கட்டிக் கோர்ட்டுல வச்சிருக்காங்களாம். அதுக்கப்புறம் கடைக்கு வேற கம்பி வாங்கவே இல்லங்கய்யா. ஸ்டூல் போட்டு ஏறி, ஷட்டரக் கையாலதான் இழுக்குறேன். அத மறுபடி பாக்க என்னால ஆகாது. அவன் வேலையில இருக்கட்டும். பிள்ளைங்க இருக்கு."

அரசு வக்கீல், காயம் கடுமையானது என்பதைப் பதிவு செய்தார். ஆனாலும் குடும்பத் தகராறு, வேறு குற்றப் பின்னணி இல்லை, சாட்சியே ஒத்துழைக்காதபோது தண்டனைக்கு வாய்ப்புக் குறைவு, நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்றார். நீதிபதி ஓட்டுநரைப் பார்த்தார். "இது நீங்கள் குற்றம் செய்யவில்லை என்ற தீர்ப்பு இல்லை. உங்கள் அக்கா விட்டுக்கொடுத்ததால் நிறுத்தப்படும் வழக்கு. புரிகிறதா?" ஓட்டுநர் தலையசைத்தார். நான் தரையைப் பார்த்தேன். வழக்கு ரத்தானது.

வெளியே ஓட்டுநரின் மனைவி அழுதார், சிரித்தார், ஆட்டோ கூப்பிட்டார். தையல்காரம்மா மட்டும் என்னிடம் வந்தார்.

"நான் எழுதிக் குடுத்த காயிதத்த இனி என்ன பண்ணுவாங்க?"

"கோப்புல இருக்கும்மா."

"எனக்கு ஒண்ணு கெடைக்குமா? சீல் போட்டு?"

நகல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"வீட்டுல இப்பவே, அது ஏதோ தெரியாமப் பட்டதுன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. பத்து வருஷம் போனா நானே அப்படித்தான்னு நம்பிடுவேன். ஆனா இந்தக் காதுல ரீங்காரம் கேட்டுக்கிட்டே இருக்கும். அப்ப எடுத்துப் பாத்துக்குவேன்."

ஓட்டுநர் ஆட்டோவில் உட்கார்ந்து, நடுவில் அக்காவுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். தையல்காரம்மா போய் ஏறினார்.

கட்டத்தில் 'சொந்த உபயோகம்' என்று எழுதினேன். அது பொருந்தவில்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியாமல், ஜன்னலில் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டேன்.