மூன்றாம் மாடியின் ருசி

அடையாள அட்டையைத் தேய்த்தாள். கதவு அசையவில்லை. மறுபடி தேய்த்தாள். சின்ன விளக்கு சிவப்பாக முழித்தது.

காவலாளி திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மேடம், உங்க கார்டை நிறுத்தி வெச்சிருக்காங்க. நேரா ரெண்டாவது மாடி மீட்டிங் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கு."

"எதுக்காம்?"

"அதெல்லாம் இதுல வராது மேடம். சிவப்பு மட்டும்தான் வரும்."

நான்கு வருடங்களாக அந்தக் கதவு அவளுக்கு மறுபேச்சில்லாமல் திறந்திருக்கிறது. மூன்றாம் மாடியில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். காரணம் அவள் வேலை. திரையில் ஒரு கேள்வி வரும். அதற்கு மெஷின் எழுதிய இரண்டு பதில்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எது மேல் என்று குறித்த நேரத்துக்குள் அமுக்க வேண்டும். அதே ஜோடி இன்னும் பலருக்குப் போகும். பலர் எதை அமுக்கினார்களோ அதையே நீயும் அமுக்கியிருந்தால் உன் மதிப்பைக் காட்டும் பச்சைக்கோடு ஏறும். தனியாக நின்றால் இறங்கும். நடுநடுவே, விடை முன்பே முடிவான சோதனை ஜோடிகளையும் சொல்லாமல் நுழைத்துவிடுவார்கள். தராசின் கோடு இறங்கியதே இல்லை.

போன மாதம்தான் வேலை மாறியது. தேர்ந்தெடுத்தது போதும், நீங்களே எழுதுங்கள் என்றார்கள். மனிதர் கையால் எழுதிய பதில்கள் கம்பெனிக்குத் தேவைப்பட்டன. ஒரே நிபந்தனை, பதில் எழுத மெஷினைத் தொடக்கூடாது. தொட்டால் வேலை போகும். தொட்டார்களா என்று பார்க்க ஐந்தாம் மாடியில் ஒரு கண்டுபிடிப்பான் இருக்கிறது. அதைக் கட்டிய குழுவில் அவள் கணவனும் ஒருவன்.

படியேறும்போதே அவளுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மீதி, மீட்டிங் ரூமில் கணவன் உட்கார்ந்திருந்த விதத்தில் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தான். வீட்டில் காஸ் தீர்ந்து போனதைச் சொல்ல மறந்த நாட்களில் அப்படித்தான் துடைப்பான்.

மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்கம்மா. நீங்க எழுதிக் குடுத்ததுல மூணு சிவப்பு. மெஷின் எழுதினதுன்னு வருது."

"நான்தான் சார் எழுதினேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நேத்து ஒரு பையன் இதே நாற்காலியில உட்கார்ந்து அவங்கம்மா மேல சத்தியம் பண்ணான். அவன் பதிலோட முதல் வரியில, 'நிச்சயமாக, இதோ உங்களுக்கான பதில்'னு இருந்துச்சு."

பக்கத்திலிருந்த பணியாளர் பிரிவு அம்மாள் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தாள்.

தராசுக்குச் சிரிப்பு வரவில்லை. வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று வீடு இரண்டு சம்பளத்தில் நிற்கிறது. அதற்கும் மேலே, மூன்றில் ஒன்று அப்பாவின் கடைசி நாளைப் பற்றி எழுதியது. 'உங்கள் வாழ்வின் கடினமான நாள்' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். எழுதும்போது இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அதைத்தான் மெஷின் எழுதியது என்கிறார்கள்.

"நீங்களாவது சொல்லுங்களேன்," என்றாள் கணவனைப் பார்த்து.

"எனக்கு நம்பர்தான் வரும், பேர் வராது. சிவப்பு வந்தா அதுவா மேல போயிடும். காலையிலதான் எடுத்துப் படிச்சேன். ஆஸ்பத்திரி, வராண்டா... அப்பத்தான் தெரிஞ்சுது." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு நானும் அங்க இருந்தேன். ஊசி போட வந்த டாக்டர்கிட்ட மாமா என்ன சொன்னார்?"

"'உன் மூஞ்சியப் பாத்தா ஊசி உனக்குத்தான் தேவைப்படுது போல'ன்னார்."

"டாக்டரே சிரிச்சுட்டார். அது எங்க இதுல?"

அவள் மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். அந்த வரி முதலில் இருந்தது. அடித்துவிட்டாள். மரியாதைக் குறைவான பேச்சு வேண்டாம், ஒரு பக்கமாகச் சாயாதே, முடிவில் நம்பிக்கை தொனிக்கட்டும் என்றெல்லாம் மூன்றாம் மாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இப்போது யாரும் அதைப் படிப்பதில்லை, படிக்கத் தேவையும் இல்லை.

கணவன் தாளை எடுத்துக் கடைசி வரியை வாசித்தான். "'அந்த நாள் எவ்வளவு வலித்ததோ, அவ்வளவு கற்றும் தந்தது.' நிஜமாவே கத்துக்கிட்டியா?"

"இல்ல," என்றாள். "அப்பா செத்துப்போனார். அவ்வளவுதான்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திருகினார். அவருக்கும் களைப்பு. இந்த வாரம் முழுக்க இதே அறை, இதே நாற்காலி.

"சார், ஒரு சின்ன சோதனை," என்றான் கணவன். "சம்சாரத்துக்காகப் பேசறேன்னு நினைக்காதீங்க. எங்க கண்டுபிடிப்பானை முன்னாடி வெச்சே பாத்துடலாம்."

போனைப் பையில் போட்டுப் பையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். இணையம் இல்லாத ஒரு கணினி. 'இன்று காலை வீட்டிலிருந்து ஆபீஸ் வந்தது பற்றி' எழுத வேண்டும். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, தராசு தட்டச்சு செய்தாள். நிற்கவே இல்லை. 'நெரிசல் எரிச்சலூட்டினாலும் ஜன்னலோரக் காற்று ஆறுதல் தந்தது. தாமதமானாலும் பொறுமையின் அருமை புரிந்தது' என்று முடித்து நகர்ந்துகொண்டாள்.

கண்டுபிடிப்பான் யோசிக்கவே இல்லை. சிவப்பு.

பணியாளர் பிரிவு அம்மாள் முன்னால் குனிந்து பார்த்தாள். "நம்ம கண்ணு முன்னாடிதானே எழுதினாங்க?"

"இப்ப இதப் பாருங்க." கணவன் வேறொரு பக்கத்தைத் திறந்தான். "இது இன்னும் சமைக்காத பச்சை மாடல். ஊர்ப்பட்ட எழுத்தைப் படிச்சதோட நிறுத்தினது. மூணாவது மாடிக்கு வராதது." அதே தலைப்பில் அது எழுதியவற்றைக் கண்டுபிடிப்பானுக்குள் போட்டான். ஒன்றில் பஸ்ஸில் ஆரம்பித்துப் பாதியில் யாரோ ஒருவரின் முழங்கால் வலிக்குத் தாவியிருந்தது. இன்னொன்று ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடியது. ஒன்று மட்டும் சிவந்தது. மற்றதெல்லாம் 'மனிதர்' என்று வந்தது.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "மெஷின மனுஷன்ங்குது, மனுஷிய மெஷின்ங்குது. குருட்டுப் பொட்டிக்கா இத்தன பேரு சம்பளம் வாங்கறீங்க?"

"குருடு இல்ல சார். அடுத்த வார்த்தை எவ்வளவு சுலபமா ஊகிக்கற மாதிரி வருது, அது எவ்வளவு சீரா போகுதுங்கறதத்தான் பாக்குது. பச்சை மாடல் பத்து தடவ எழுதினா பத்து திசைல போகும். அதை வாடிக்கையாளர்கிட்ட காட்ட முடியாதுன்னு மூணாவது மாடிக்கு அனுப்பினோம். இவங்க அமுக்கினதை எல்லாம் சேர்த்து, இவங்க எதை அமுக்குவாங்கன்னு முன்கூட்டியே சொல்ற ஒரு மார்க் மாடல் செஞ்சோம். எழுதற மாடலை, அந்த மார்க் வாங்கற மாதிரி திரும்பத் திரும்பத் திருத்தினோம். எந்தத் திசைல மார்க் அதிகமோ அங்கயே போய்க் குவிஞ்சிடுச்சு. வேற மாதிரி எழுதத் தெரியாமப் போகல. எழுதினா மார்க் குறையுது, அதனால அநேகமா எழுதறதில்ல. குவிஞ்சு கெடக்கறதைக் கண்டுபிடிக்கறது சுலபம். எங்க பொட்டி மெஷினைத் தேடல சார். மூணாவது மாடியோட ருசியைத் தேடுது."

"இவங்க?"

"ருசியே இவங்களோடதுதான். இவங்களும் இன்னும் நாற்பது பேரும். தனியா நின்னா கோடு இறங்கும்ல. அதனால அவங்களும் நாலு வருஷமா ஒரே எடத்துல குவிஞ்சுட்டாங்க."

யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பணியாளர் பிரிவு அம்மாள் கோப்பில் எதையோ எழுதி மேனேஜர் பக்கம் தள்ளினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

"குற்றச்சாட்டு தள்ளுபடிம்மா. மன்னிச்சுக்கோங்க."

தராசு மூச்சை விட்டாள். "அப்ப எழுதற வேலைக்குப் போகலாமா சார்?"

மேனேஜர் அவள் கணவனைப் பார்த்தார். அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"சொல்லுங்க," என்றாள். "காஸ் தீர்ந்துடுச்சா?"

"நீ எழுதறது மனுஷங்க எழுதின குவியல்ல சேரணும். அந்தக் குவியலை வெச்சுத்தான் கண்டுபிடிப்பானுக்கு மனுஷனுக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுக்கறோம். உன்னோடது உள்ள வந்தா ரெண்டு குவியலும் ஒண்ணாத் தெரியும். புது மாடலுக்கும் அதை ஊட்ட முடியாது. ஏற்கெனவே அது அப்படித்தான் எழுதுது." நிறுத்தினான். "நீ எழுதினது உன்னோடதுதான். ஆனா எங்களுக்கு ஆகாது."

"திருடலைன்னு சொல்லிட்டு வெளிய போன்னும் சொல்றீங்க."

"வெளியே இல்லம்மா," என்றார் மேனேஜர் அவசரமாக. "பழைய சீட்டு அப்படியே இருக்கு. தேர்ந்தெடுக்கற வேலை. உங்க கோடு மாதிரி யாருக்கு இருக்கு? சம்பளத்துல கை வைக்கல. சரியா?"

கிண்டல் செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. நிஜமாகவே பாராட்டினார்.

"சரி சார்."

வராண்டாவில் கணவன் கூடவே வந்தான். "சாயங்காலம் பேசலாம்."

"என்ன பேசறதுக்கு இருக்கு? பிள்ளையக் கூட்டிட்டு வர மறந்துடாதீங்க."

"மாமா சொன்னதை நீ எழுதியிருந்தா..."

"எழுதினேன். அடிச்சுட்டேன். போங்க, உங்க பொட்டி காத்துட்டிருக்கும்."

மூன்றாம் மாடிக் கதவு இந்த முறை முதல் தேய்ப்பிலேயே திறந்தது. செய்தி அவளுக்கு முன்பே படியேறியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள்.

"அக்கா, மெஷின் மாதிரி எழுதிக் காட்டித் தப்பிச்ச மொத ஆள் நீங்கதான். எங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

"உனக்கு எதுக்குடி சொல்லிக் குடுக்கணும்? நீ எழுதினாலும் அதேதான் வரும்."

பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தராசு திரையைத் திறந்தாள். கேள்வி வந்தது: தகப்பனை இழந்த நண்பனுக்கு நாலு வரி எழுதித் தரவும். இடப்பக்கம், 'உங்கள் இழப்பின் ஆழத்தை வார்த்தைகளால் அளக்க முடியாது. ஆனாலும் அவர் நினைவுகள் உங்களுக்குத் துணையிருக்கும்' என்று தொடங்கியது. வலப்பக்கம், எங்கோ ஒரு நாள் பச்சை மாடலிலிருந்து தப்பி வந்தது போல ஒன்று: 'உங்கப்பா எனக்கு ஒரு தடவை கெட்டுப்போன குடையைக் கொடுத்து நல்ல குடை என்று சொன்னார். இன்னும் வைத்திருக்கிறேன். மழைக்கு உதவாது.'

பச்சைக்கோடு ஒரு இழை ஏறியது.

அப்போதுதான் கவனித்தாள். விரல் இடப்பக்கத்தை அமுக்கி முடித்திருந்தது. குடை வரியை அவள் அதற்குப் பிறகுதான் முழுதாகப் படித்திருந்தாள். திரும்பிப் போகும் பொத்தான் இந்தத் திரையில் கிடையாது. இரண்டு பதிலும் மறைந்து, அடுத்த ஜோடி வந்து நின்றது.

மழைக்கு உதவாத அந்தக் குடையை மனதில் பிடித்துக்கொண்டு, விரலை மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை படித்துவிட்டு அமுக்கலாம் என்று நினைத்தாள். திரையின் மூலையில் நேரக் கணக்கு ஓட ஆரம்பித்தது.