பட்டியலில் இருக்கும் டாக்டர்

1996. மைசூர் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில், புள்ளிவிவரப் பிரிவு எழுத்தர் ஹம்ஸாவின் முன்னால் ஜடையன் நின்றார். ஹனூர்ப் பக்கத்து விவசாயி. ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கேட்டு அவர் போட்ட மனு, ‘டாக்டர் இருக்கிறார்’ என்ற பதிலோடு திரும்பியிருந்தது.

“எங்கீங்கம்மா இருக்காரு? எட்டு மாசமா பூட்டுத்தானுங்க. எம்மவளுக்கு இந்த வாரம் பிரசவம். போன தடவ பஸ்லயே கொழந்த செத்துப் போச்சுங்க.”

ஹம்ஸா பட்டியலைத் திறந்தாள். டாக்டர் ஒருவர், படுக்கை ஆறு. அவளுடைய கையெழுத்துதான். அனுமதிக்கப்பட்ட பணியிடத்தைத்தான் எண்ணுவது வழக்கம். டாக்டரை நகர மருத்துவமனைக்கு மாற்றுப்பணியில் அனுப்பியது அதில் தெரியாது.

“சார், இங்க பூஜ்யம்னு போடலாமா?”

மேலாளர் நாராயணஸ்வாமி நிமிரவில்லை. “போஸ்ட் இருக்கே. மாவட்டத்துல ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கை வருது. நல்லாத்தானே இருக்கு?”

“பாதிக்கு மேல மைசூர் டவுன்லயே இருக்கு, சார்.”

“மேல கேக்கறது மாவட்ட மொத்தம்தான். விடும்மா.”

ஹம்ஸா பட்டியலை மூடிவிட்டு ஜடையனிடம் திரும்பினாள். “இன்னிக்கே மகளைக் கூட்டிட்டு வந்துடுங்க. எங்க வீட்டுல தங்கட்டும்” என்றாள்.

ஜடையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எங்கூருக்கு ஒரே பஸ்ஸுங்கம்மா. அது போயிருச்சுங்க.”