மஃரிப் நேரத்துப் படம்

"இந்த ஜன்னல் எங்கயிருந்து வந்த?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் றாஹிலா. கையில் போன். அதில் அவருடைய வீட்டு வளவை ஒட்டி றஸாக் ஹாஜியார் மருதமுனையில் கட்டப்போகும் மாடி வீடு, அந்தி வெளிச்சத்தில் தகதகவென்று நின்றது.

கல்முனை பெரிய வீதியில் மேல்மாடியில் இருந்தது எஞ்சினியர் ஜெஸீமின் அலுவலகம். வீடு கட்டுமுன் அது எப்படி இருக்கும் என்று கொம்பியூட்டரில் படம் செய்து காட்டுவது முஸ்பிறாவின் வேலை. அவள் எழுந்து நின்றாள்.

"எந்த ஜன்னல் மாமி?"

"எந்த ஜன்னலோ! என்ட வளவுப் பக்கத்துச் சுவரப் பாரு. லைட் எரியிற பெரிய ஜன்னல். அதுக்குக் கீழ என்ன இரிக்கி? எங்கட கிணத்தடி. நானும் மகளும் குளிக்கிற இடம்."

முஸ்பிறா போனில் குனிந்து பார்த்தாள். ஜன்னல் இருந்தது.

எல்லையோடு ஒட்டிச் சுவர் எழுப்ப றாஹிலாவின் சம்மதக் கடிதம் வேண்டும். அந்தப் பக்கம் ஜன்னலே வராது, பத்தடி உயரத்தில் காற்றுப் போக ஆறு துளைக்கல் மட்டும்தான் என்று ஹாஜியார் வாக்குக் கொடுத்திருந்தார். பகல் வெளிச்சத்தில் செய்த படத்தைப் பார்த்துத்தான் றாஹிலா ஒத்துக்கொண்டார். இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கையெழுத்து. இதற்குள் ஹாஜியாருக்கு ஓர் ஆசை: விளக்கெல்லாம் எரிய, சூரியன் மறையும் மஃரிப் நேரத்தில் அதே வீடு வேண்டும். வேறெதுவும் மாறக் கூடாது.

பகல் படத்தைச் செய்த றஸ்மி கட்டாருக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன மூலக் கோப்பு திறக்கவில்லை. கையில் இருந்தது படம் மட்டும். முஸ்பிறா அதை ஏஐக்குக் கொடுத்து, அந்தியாக மாற்று என்று எழுதினாள். அரை நிமிடத்தில் வந்தது. அழகில் மயங்கி அனுப்பிவிட்டாள். ஹாஜியார் அதை ஊருக்கே அனுப்பிவிட்டார்.

"நான் வைக்கல்ல மாமி. ஏஐ வெச்சிருக்கு."

"அவர் யாரு? அவரக் கூப்பிடு, நான் கதைக்கன்."

உள்ளறையிலிருந்து ஜெஸீம் வந்தார். "இரிங்க றாத்தா. மிஷின் செஞ்ச பிழை. பிள்ள இப்ப சரியாக்கித் தருவா."

"எவ்வளவு நேரம்?"

"அஸருக்குள்ள."

"அப்ப நான் இதிலயே இரிக்கன். என்ட கண்ணுக்கு முன்னால செய்யட்டும்."

முஸ்பிறா பகல் படத்தின் மேல் அந்திப் படத்தை வைத்தாள். மேல் படத்தை மறைத்து, காட்டி, மறைத்து, காட்டிப் பார்த்தாள். வீடு துடித்தது. ஆறு துளைக்கல் ஒரு ஜன்னலாகியிருந்தது. வாசல் படி ஏழு, ஐந்தாகியிருந்தது. பெல்கனிக் கம்பிகள் நெருங்கியிருந்தன.

"படியையும் திண்டிட்டாரா உங்கட ஏஐ?" என்றார் றாஹிலா.

கட்டடத்தில் எதையும் மாற்றாதே என்று இன்னொரு தரம் எழுதினாள். ஜன்னல் போனது, துளைக்கல் எட்டானது. மறுபடி. துளைக்கல் ஆறானது, கூரை விளிம்பு தடித்தது.

"இதென்ன வெயில், புள்ள? முன்பக்கம் மஞ்சளா அடிக்குது. வீடு பார்க்கிறது கடலை. கடல் பக்கத்தால வெயில் வாறது காலையில, சுபஹுக்குப் பிறகு. மஃரிபுக்கு எங்கட ஊரில சூரியன் வயல் பக்கமல்லவா விழும்?"

முஸ்பிறாவின் முகம் சுட்டது. இதை அவளே பார்த்திருக்க வேண்டும்.

"விடுங்க மாமி. கையால செய்யிறன்."

பகல் படத்தையே அடியில் வைத்தாள். அதன் ஒரு கோட்டையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். வானத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால், மேற்கே, அடியில் செம்மையும் மேலே நீலமும் வைத்தாள். வீட்டை இருட்டாக்கி நீலம் ஏற்றினாள். பெல்கனியின் நிழல் சுவரில் கத்திபோல் வெட்டிக் கிடந்தது. வெயில் போன பிறகு அப்படி நிழல் விழாது. நிழல் விழுந்த இடத்தை மட்டும் தேர்ந்து, பக்கத்துச் சுவரின் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். விளிம்புக்கோடு அழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டதில் கழுத்து வலித்தது. மணி இரண்டே முக்கால்.

"லைட் போடல்லியா?"

"எந்த அறையில லைட் எண்டு பார்த்துத்தான் போடணும். பகல்ல வெளிய வெளிச்சம் கூடுதல், அதால ஓட்டையெல்லாம் கறுப்பாத் தெரியும். இருட்டினா மறுவளம். உள்ளுக்கு எரியிறது வெளிய தெரியும்."

வரைபடத்தை விரித்தாள். முன்னால் மண்டபம்: மஞ்சள். மேலே படுக்கையறை: மங்கல். வடக்குச் சுவரில், துளைக்கல்லுக்குப் பின்னால்...

விரல் நின்றது.

படிக்கட்டு. பாதி வழியில் திரும்பும் தட்டு. அது நிலத்திலிருந்து ஐந்தடி. அதில் ஒரு ஆள் நின்றால் கண் பத்தடியில் வரும். துளைக்கல்லும் பத்தடியில்.

அவள் வரைபடத்தோடு எழுந்து உள்ளறைக்குப் போனாள். குரலைத் தாழ்த்தினாள். "சேர், துளைக்கல்லுக்குப் பின்னால ஸ்டெப் லேண்டிங்."

ஜெஸீம் வரைபடத்தைப் பார்த்தார். "யா அல்லாஹ். நிலத்திலிருந்துதான் உயரம் அளந்தன்." பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை. "அந்த ஆறையும் கறுப்பாவே விடு. படத்தில ஒண்டும் மாறக் கூடாது எண்டுதானே சொன்னாங்க. பகல்லயும் கறுப்புத்தானே."

"பகல்ல கறுப்பு உண்மை, சேர். மஃரிபுக்கு படியில லைட் எரியும்."

"ஹாஜியார் எங்களத் திண்டிருவார், முஸ்பிறா."

"கையெழுத்து வெச்சிட்டு, வீடு கட்டி முடிஞ்ச பிறகு அந்த மனிசி அண்ணாந்து பார்த்தா?"

அவர் வரைபடத்தைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கறுப்பாக விட்டால் வேலை முடிந்தது. யாருக்கும் தெரியாது.

ஆறு துளைக்கல்லையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தாள். மஞ்சள் ஏற்றினாள்.

றாஹிலா நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். படி ஏழு என்று எண்ணினார். கம்பியை எண்ணினார். சுவருக்கு வந்ததும் விரல் தயங்கியது.

"ஆறுதான். ஆனா ஏன் எரியுது?"

"பின்னால படிக்கட்டு, மாமி. ஆள் ஏறி நடுவில திரும்புற இடம்."

"அந்த உயரத்துக்கா?"

"ஓம். அதில நிண்டா கண் அந்த ஓட்டைக்கு நேர வரும். இவ்வளவு நாளும் நாங்க ஒருத்தரும் கவனிக்கல்ல."

றாஹிலா கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் போனை எடுத்து, உடனே மேசையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"பகல் படத்தைப் பார்த்து நான் ஓமெண்டு சொல்லிட்டனே," என்றார் மெதுவாக. "என்ட மகள் அஸ்னாக்குப் பதினாறு வயசு, புள்ள."

ஜெஸீம் வாசலில் நின்றார். "அந்த ஆறையும் அடைச்சு, காத்துக்கு வேற வழி பார்க்கலாம் றாத்தா. இந்தப் படத்தில மறைச்சு—"

"படத்தில கை வைக்காதீங்க. படம் சரி. வீடுதான் பிழை." எழுந்தார். "இத எனக்கும் அனுப்பு. ஹாஜியாருக்கும் அனுப்பு. வரைபடம் மாறின பிறகு வாறன் கையெழுத்துக்கு."

முஸ்பிறா ஜெஸீமைப் பார்த்தாள். அவர் றாஹிலாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இருவருக்கும் அனுப்பினாள்.

றாஹிலாவின் செருப்புச் சத்தம் படியிறங்கி முடிவதற்குள் ஜெஸீமின் போன் அடித்தது. றஸாக் ஹாஜியார்.

"படம் அந்தமாதிரி அழகா இரிக்கி, எஞ்சினியர்! அந்தச் சுவரில ஆறு லைட்டு, மாலை போட்டாப்போல! யாருட யோசனை?"

ஜெஸீம் போனைக் காதிலிருந்து எடுத்து, முஸ்பிறாவின் பக்கம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

அவள் வாங்கினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார். அது சோடிச்ச லைட் இல்ல, படிக்கட்டில நிண்டா றாஹிலா மாமிட கிணத்தடி தெரியிற ஓட்டை," என்று தொடங்கினாள்.