இல்லைக்கும் அல்லவுக்கும் பதினோரு நாள்

பதினோரு நாள்தான் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது முறை என்று வாயைத் திறந்தாலே அலுவலகத்தில் எல்லோரும் ஃபேனைப் பார்ப்பார்கள். ஏழு வருஷம், ஒரு கல்யாணம், ஒரு பிள்ளை, வாயில் நுழையாத தலைப்பு ஒன்று. இந்த லட்சணத்தில் என் நெறியாளர் மரியதாஸ் சார் கூப்பிட்டு, "ஆதிலட்சுமி, இயல்பான பேச்சு ஒண்ணுகூட இல்லையேம்மா, எல்லாமே கேள்வி பதில். தேர்வாளர் கேப்பாரு. ஒரே ஒரு ஒலிப்பதிவு எடுத்துட்டு வந்துடு" என்றார். எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தால் எனக்குப் பசிக்கும். வில்லியனூரில் இரண்டு போண்டா தின்றுவிட்டு உறுவையாறு பஸ் ஏறினேன்.

என் ஆய்வு இதுதான். தமிழில் மறுப்பதற்கு இரண்டு சொற்கள். கொட்டாயில் மாடு கிடையாது என்றால் "மாடு இல்லை" என்போம். ஒன்று அங்கே இருப்பதை அது மறுக்கிறது. எதிரே நிற்பது மாடே கிடையாது, எருமை என்றால் "அது மாடு அல்ல" என்று எழுதுவோம். ஒன்று இன்னதாக இருப்பதை அது மறுக்கிறது. பழைய இலக்கணம் ஒருமைக்கு "அன்று" என்று கேட்கும், இப்போது அதை யாரும் சட்டை செய்வதில்லை. பேச்சிலோ இரண்டுக்கும் "இல்ல" என்ற ஒன்றே போதும் என்றாகிவிட்டது. ஆனால் உறுவையாற்றில் பயிர் வைக்கும் வீட்டுப் பெண்கள் பேச்சில்கூட அல்லவைக் கைவிடவில்லை என்று நான் கண்டுபிடித்திருந்தேன். இருபத்து மூன்று ஒலிப்பதிவுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை "அல்ல". என் நாலாம் இயல் மொத்தமும் அதன்மேல்தான் நின்றது. அந்த இயல் போனால் மீதி வெறும் அட்டை.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் பாதிக்குமேல் மகாலட்சுமி அக்கா தந்தவை. ஐம்பது வயது, இரண்டு காணி நெல், ஒரு காணி கரும்பு, ஒரு கறவை மாடு, எதற்கும் தயங்காத வாய். "எந்நேரம் வேணும்னாலும் வச்சிக்க பாப்பா, எங்கிட்ட இன்னா ரகசியம்" என்று முதல் நாளே பதிவுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டவர். அன்றைக்கும் கூடத்து ஜன்னலில் போனை வைத்துப் பதிவை ஓடவிட்டுவிட்டு, நான் மொச்சை உரிக்க உட்கார்ந்தேன். அவர் சமையல் வேலையில் போனை மறந்துபோனார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அடுத்த மனைக்கட்டு சின்னபொண்ணு கையில் பிடுங்கிய நாற்றோடு வாசலில் வந்து நின்றார்.

"யக்கா, உன் மாடு எங்க நாத்தங்கால்ல பூந்து மேஞ்சிட்டு போயிருக்குது. பாதி நாத்து காலி."

"அது எங்க மாடு இல்ல."

"ஒங்க மாடுதான். நெத்தியில வெள்ள, நான் பாக்கல?"

"ஊர்ல வெள்ள நெத்தி எங்க மாட்டுக்கு மட்டுந்தானா? எங்க மாடு இல்லடி. கட்டுனது கட்டுனபடி கொட்டாயில நிக்குது."

"கொட்டாயில மாடு இல்ல. எட்டிப் பாத்துட்டுதான் வரேன்."

"இருக்குது. கண்ணத் தொடச்சிக்கினு போயி பாரு."

நான் மொச்சையை விட்டுவிட்டேன். சண்டை பெரிதாகப் பெரிதாக எனக்குப் பரபரப்பு ஏறியது. பாவம் நாற்று போயிற்றே என்றா? கிடையாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒரு அல்ல வந்து விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்க மாடு இல்ல, எங்க மாடு இல்ல, ஏழு தடவை. ஏழு தடவையும் இல்லதான். அப்போதுதான் மகாலட்சுமி அக்காவின் கண் ஜன்னலில் இருந்த போன்மேல் பட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டார், குரலைத் தணித்தார்.

"அது எங்கள் மாடு அல்ல" என்றார், செய்தி வாசிக்கிற மாதிரி.

சின்னபொண்ணு என்னையும் போனையும் ஒரு பார்வை பார்த்தார். "ஓ, மிசினு ஓடுதா? ஓடட்டும், நல்லா ஓடட்டும். பஞ்சாயத்துல போட்டுக் காட்டலாம்" என்று நாற்றை வாசலில் எறிந்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பின்பக்கம் மணிச்சத்தம். அறுந்த கயிறு தரையில் இழுபட, வாயோரமெல்லாம் பச்சையோடு மாடு தானாகக் கொட்டாய்க்குள் வந்து நின்றது. மகாலட்சுமி அக்கா விறுவிறுவென்று போய் அதைக் கட்டினார். வைக்கோலால் அதன் வாயைத் துடைத்தார். திரும்பி என்னைப் பார்த்து, "நீ பாக்கல" என்றார்.

நான் தலையாட்டினேன். போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அந்தப் பதிவைக் கேட்டேன். பிறகு பழைய பதிவுகளை எடுத்தேன். எழுதி எடுக்கும்போது அவர்கள் பேசியதை மட்டும்தானே எழுதுவோம், என் சத்தத்தை எப்போதும் தள்ளிவிட்டிருந்தேன். இப்போது என் சத்தத்தைக் கேட்டேன். மகாலட்சுமி அக்கா "அது வரப்பு அல்ல" என்கிறார், உடனே நான் "ம்ம்ம்" என்கிறேன், குழைந்து, குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி. அவர் "அது வரப்பு இல்ல" என்கிறார், நான் சும்மா இருக்கிறேன். ஒரு நொடி கழித்து அவரே, "வரப்பு அல்ல" என்று திருத்துகிறார். "ம்ம்ம், அருமையா சொன்னீங்க." முதல் நாள் முதல் கேள்வியே, "இது மாடு அல்லன்னு சொல்வீங்களா அக்கா?" அட பாவி மகளே. இருபத்து மூன்று பதிவிலும் இதே கூத்து. அந்தப் பெண்களிடம் இருந்து நான் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு வேண்டியதை நானே அவர்கள் வாயில் போட்டு, நானே எண்ணி வைத்திருக்கிறேன்.

பாத்திரம் தேய்த்தேன். காய்ந்த துணியை மறுபடி மடித்தேன். உட்கார முடியவில்லை. சண்டைப் பதிவை மீண்டும் போட்டேன், மீண்டும் போட்டேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோதான் அது காதில் விழுந்தது. "எங்க மாடு இல்ல" என்றதற்குச் சின்னபொண்ணு ஒருமுறைகூட "இருக்குது" என்று பதில் சொல்லவில்லை. "ஒங்க மாடுதான்" என்றே அடித்தார். "கொட்டாயில மாடு இல்ல" என்றதற்கு மகாலட்சுமி அக்கா "மாடுதான்" என்று சொல்லவில்லை, "இருக்குது" என்றார். மறுக்கிற சொல் ஒன்றாகிவிட்டது, ஆனால் எதை மறுக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. சண்டையின் உச்சத்தில்கூட மாறிப் போகவில்லை. ஏழு வருஷம் நான் தேடியது அந்த ஆறு நிமிஷத்தில் கிடந்தது. நான் எழுதி வைத்திருந்ததற்கு நேர் எதிராக.

சாருக்குப் போன் செய்து சண்டையில் "அல்ல" தானாக வரவில்லை என்று மட்டும் சொன்னேன். "ஒரு ஃபைல்தானே, விட்டுடும்மா. வேற ஒண்ணு எடு" என்றார். அவர் நல்ல மனுஷர், என் பட்டம் போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. சரி சார் என்று வைத்துவிட்டேன். பிறகு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள், ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போது, மறுபடி உறுவையாறு போனேன். மகாலட்சுமி அக்கா கொட்டாயில் சாணி வாரிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "நீங்க அல்லன்னு சொன்னப்பல்லாம் நான் தலையாட்டியிருக்கேன் அக்கா. அதனாலதான் நீங்க சொல்லியிருக்கீங்க. நான் எழுதினது பூராத் தப்பு."

"அது தெரியுமே" என்றார் அவர். "அப்டி சொன்னா உன் மூஞ்சி மலரும். அவ்ளோ தூரத்துலேந்து பஸ்ஸு புடிச்சி வர பொண்ணு, கேட்டதக் குடுப்போம்னு குடுத்தேன். ஏன், தப்பாயிடுச்சா? என் பேச்ச புஸ்தகத்துல போடறாங்கன்னு எங்க அண்ணன் வூட்லல்லாம் சொல்லி வச்சிருக்கறேன்."

தப்பு உங்களுடையது கிடையாது, என்னுடையது என்றேன். சண்டைப் பதிவில்தான் உண்மை இருக்கிறது, அதை ஆய்வில் சேர்க்க உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன். போட்டுக் காட்டினேன். கையில் சாணியோடு குனிந்து கேட்டார். மணிச்சத்தம் வந்தது. "நீ பாக்கல" வந்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

"இத யாரு கேப்பாங்க?"

"எங்க சாரு, தேர்வாளருங்க ரெண்டு பேரு. பேரு போட மாட்டேன்."

"பேரு போடலன்னா? குரலு என்துதான?"

"வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன் அக்கா."

சொல்லிவிட்டு நின்றேன். என் நெஞ்சறிய எழுதுகிறேன், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் சொன்னால் சம்மதம் கிடைக்கவில்லை என்று அழித்துவிடலாம். பழைய நாலாம் இயல் அப்படியே நிற்கும். ஒன்பது நாளில் பட்டம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. விரல் அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மகாலட்சுமி அக்கா குழாயடியில் கையைக் கழுவினார். மெதுவாக, ஒவ்வொரு விரலாக. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"நீ எங்கிட்ட வந்து தப்புன்னு சொல்லிட்ட" என்றார். "நான் ரெண்டு நாளா அவ மூஞ்சியப் பாக்காம பின்வழியா போயிக்கினு கெடக்கறேன்." கையை முந்தானையில் துடைத்தார். "வா எங்கூட."

சின்னபொண்ணு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

"அது எங்க மாடுதான்" என்றார் மகாலட்சுமி அக்கா. "கயிறு அறுந்து போயிருக்குது. பொய் சொல்லிட்டேன். எங்க நாத்துல உனக்கு எவ்ளோ வேணுமோ புடுங்கிக்க. நடவுக்கு நானும் வரேன்."

சின்னபொண்ணு முறத்தைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அவ்ளோ கத்தியிருக்க மாட்டேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. மகாலட்சுமி அக்கா என் பக்கம் திரும்பி, "போட்டுக்க பாப்பா" என்றார்.

நான் பஸ் நிறுத்தம்வரை நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம். நின்றால் மனசு மாறிவிடும் என்று பயம். அங்கேயே சாரைக் கூப்பிட்டேன். தலையாட்டியது, ம்ம்ம் என்றது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.



"ஒன்பது நாள்ல புதுசா எழுத முடியாதும்மா" என்றார் அவர்.

"தெரியும் சார்."

"பதிவு போயிடும். ஏழு வருஷம்."

"போகட்டும் சார். பழசக் குடுக்க மாட்டேன்" என்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார், நான் கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.