நாயா, காவல்காரரா

எங்கள் கேமில் நீங்கள் ஒரு சாப்பாட்டு ரைடர். ஓயாமல் மழை பெய்யும் ஒரு தீவில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, சூடு ஆறுவதற்குள் பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓட்ட ஓட்டப் புள்ளிகள் சேரும். புள்ளிகளைக் கொடுத்துப் புதுத் திறன்களைத் திறந்துகொள்ளலாம். ஒரு திறனிலிருந்து இன்னொன்று கிளைவிடுவதால் அதற்குத் திறன் மரம் என்று பெயர். அதை நட்டவன் நான். பெயர் கார்த்திகேசு, வேலை கேம் டிசைனர். சொந்தக்காரர்கள் கேட்டால் 'கம்பியூட்டர்ல ஏதோ' என்று சொல்லிவிட்டு அம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

மரம் பார்க்க அடர்த்தியாகத்தான் இருந்தது. வேகம் ஐந்து விழுக்காடு கூடும். அதைத் திறந்தால் அடுத்தது: வேகம் இன்னும் ஐந்து விழுக்காடு கூடும். பக்கத்துக் கிளையில், சூடு ஐந்து விழுக்காடு மெதுவாக ஆறும். இப்படி அறுபது.

எங்கள் அலுவலகம் சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடையின் மாடியில் இருக்கிறது. அதன் தலைவி ஷாஹிரா, கேமை வெளியிடவிருந்த நிறுவனத்தின் மின்னஞ்சலை என்னிடம் காட்டினாள். ஆட்டக்காரர்கள் புள்ளி வந்ததும் அடுத்த பொத்தானை அமுக்குகிறார்கள், யாரும் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"இது மரம் இல்ல கார்த்தி. படிக்கட்டு" என்றாள். "ஏறுறதைத் தவிர அதுல செய்ய வேற ஒண்ணும் இல்ல."

"எல்லாருக்கும் எல்லாமே கிடைக்குதே. அது நல்லதுதானே?"

"என்ன கிடைக்குது? அவன் வேகமாகுறான். உடனே நீ நேரத்தையும் குறைச்சிடுற. அப்புறம் என்ன மாறிச்சு?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சனிக்கிழமை டெஸ்ட் வச்சிருக்கு. அன்னைக்கும் எல்லாரும் யோசிக்காம அமுக்கிட்டே போனாங்கன்னா, மரத்தைத் தூக்கிடுவோம்."

மரம் இல்லாத கேமுக்கு மரம் வளர்ப்பவன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அறுபதையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டே இரண்டு திறன்கள் எழுதினேன். சந்துகளில் குறுக்குவழி உண்டு, ஆனால் நாய்கள் துரத்தும். அடுக்குமாடிகளில் நல்ல கூலி உண்டு, ஆனால் காவல்காரர் பெயர் எழுதிக்கொண்டு நிற்க வைப்பார். நாய்களைப் பழக்கிக்கொள்ளலாம், அல்லது காவல்காரர்களைப் பழக்கிக்கொள்ளலாம். ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும்.

புரோகிராமர் கிஷன் எட்டிப் பார்த்தான். "ஏன் அண்ணே, நாய்க்குப் பிஸ்கட் போட்டா செக்யூரிட்டி கார்ட் கோவிச்சுக்குவாரா?"

நியாயமான கேள்வி. காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தினால் ஆட்டக்காரருக்கு எரிச்சல்தான் வரும். ஆகவே ரைடருக்கு நாளுக்கு ஒரே ஒரு தேநீர் இடைவேளை என்று வைத்தேன். அதைச் சந்தில் கழித்தால் நாய்கள் பழகும். காவல் கொட்டகையில் கழித்தால் காவல்காரர் பழகுவார்.

கிஷன் ஒத்துக்கொண்டான். பிறகு என் கணக்குத் தாளைத் திறந்து, வரிவரியாகப் பார்த்தான்.

"நாய் எடுத்தா எவ்வளவு நேரம் மிச்சம்?"

"கார்ட் எடுத்தா எவ்வளவோ அவ்வளவு."

"எல்லா ரோட்டுலயுமா?"

"ஆமா. ராப்பகலா உக்காந்து சமமாக்கினேன்."

"அப்போ எதை எடுத்தாலும் ஒண்ணுதான். ஒரே ஐஸ்கிரீம், ரெண்டு கலர் கரண்டி. இது என்ன, ஓரத்துல ஒரு பட்டன்? 'மாற்றிக்கொள்'?"

"யாராச்சும் தப்பா எடுத்துட்டா பாவம்ல."

"அண்ணே, உங்களுக்கு இந்த வேலை சரிப்படாது லா. கோயில்ல அன்னதானம் போடுங்க."

கோபம் வரவில்லை, அதுதான் சங்கடம். தவறாகத் தேர்ந்தெடுக்கவே முடியாத இடத்தில் தேர்வு என்று ஒன்று இருக்க முடியாது. இதை நானே ஒரு மாநாட்டில் படம் போட்டு விளக்கி, கைதட்டும் வாங்கியிருக்கிறேன். என் கேமில் யாராவது தோற்கப்போகிறார்கள் என்றால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

பொத்தானை எடுத்தேன். தீவையும் பிரித்தேன். மலைப்பக்கம் அடுக்குமாடிகள், சந்தைப்பக்கம் சந்துகள். எந்த ஆர்டரை ஏற்பது, எதை விடுவது என்பது இனி ரைடரின் பாடு. ஆனாலும் சோதனைக்குத் தேவைப்படும் என்று சொல்லி, தேர்வை அழித்துத் திரும்பக் கொடுக்கும் ஒரு விசையை மட்டும் யாருக்கும் தெரியாமல் விட்டுவைத்தேன்.

சனிக்கிழமை கெலுகோரிலிருந்து அதிராவும் இமானும் வந்தார்கள். இரண்டு பேரும் பல்கலைக்கழக மாணவர்கள். எங்கள் கேம்களை ஆடிக் குறை சொல்வார்கள், கூலி ஆளுக்கு ஒரு தட்டு மீ கோரேங், காரமாக வறுத்த நூடுல்ஸ்.

இமான் பார்த்த மாத்திரத்தில் நாயை எடுத்தான். "எங்க காண்டோ கேட்ல நிக்கிற கார்டை கேம்லயும் பாக்கணுமா? வேணாம் லா."

அதிராவின் திரை அசையவே இல்லை.

"ஹேங் ஆயிடுச்சா?" என்று கிஷன் என் காதில் கேட்டான்.

ஆகவில்லை. அம்புக்குறி நாய்க்கும் காவல்காரருக்கும் இடையே போய்ப்போய் வந்தது. "அண்ணே, அப்புறம் மாத்த முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். ஷாஹிரா கைகட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

அதிரா காவல்காரரை எடுத்தாள். மலைப்பக்கம் கொடிகட்டிப் பறந்தாள். பிறகு பேராசைப்பட்டு, சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டுக்கு சூப் கொண்டுபோகும் ஆர்டரை ஏற்றுக்கொண்டாள். சந்து முனையில் நாய்கள் எழுந்து நின்றன. மோட்டார் சாய்ந்து சூப் கொட்டியது. மறுபடி முயன்றாள், மறுபடியும் கொட்டியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கை தானாக அவள் விசைப்பலகைப் பக்கம் போயிற்று.

"அண்ணே, கையை எடுங்க."

"இல்லம்மா, ஒரு சின்ன பட்டன்தான், நாயை எடுத்துக்கலாம்."

"நான்தானே கார்டை எடுத்தேன். நானே பாத்துக்கறேன்."

கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் வரைபடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சந்தையை ஒட்டி ஒற்றையாக நின்ற ஓர் அடுக்குமாடிக்கு ஓட்டினாள். காவல்காரர் கையசைத்து உள்ளே விட்டார். மோட்டாரை அங்கேயே நிறுத்தி, கீழ்த்தளத்தைக் கடந்து, பின்வாசல் வழியாக நடந்து வெளியே வந்தாள். நாய்கள் நின்ற சந்து முனைக்கு அந்தப் பக்கம் அது. சூப் ஆவி பறக்கப் போய்ச் சேர்ந்தது.

அது நான் போட்ட வழியே இல்லை.

"குப்பை லாரிக்காக நான் வச்ச கேட் அது" என்றான் கிஷன் மெதுவாக. "கார்ட் பழக்கமானா கேட் திறக்கும்னுதானே எழுதினேன். எந்த கேட்னு எழுதலையே."

அதற்குள் இமான் மலைப்பக்க ஆர்டர்களை வாங்குவதையே விட்டுவிட்டு, பின்னால் நாய்கள் ஓடிவர, சந்துகளில் ராஜாவாகியிருந்தான். அவர்கள் ஓட்டியது ஒரே தீவில் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஷாஹிரா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"மரம் இருக்கட்டும். ஆனா அறுபது கிளை வேணாம். இந்த மாதிரி ஆறு போதும்."

"ஒவ்வொண்ணுக்கும் தீவையே மாத்தணும். அறுபது எழுதுறதைவிட இது கஷ்டம்."

"தெரியும். அதான் உன் ஒப்பந்தத்தை கேம் வெளிய வர்ற வரைக்கும் நீட்டச் சொல்லியிருக்கேன். அழுறியா என்ன?"

"மீ காரம்."

"நீ இன்னும் சாப்பிடவே இல்ல கார்த்தி."

திரும்பி வந்தபோது அதிரா பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். "அண்ணே, நான் நாயை எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. "தெரியாது லா" என்றேன். "இமானைக் கேளு."

"சொல்லமாட்டேன்" என்றான் இமான். "நீ முதல்ல அந்தப் பின்வாசல் எங்க இருக்குன்னு சொல்லு."

"போடா."

இருவரும் வாதாடிக்கொண்டே படியிறங்கினார்கள். நான் ஜன்னலருகே போய், அவர்கள் பேச்சு தெருச் சத்தத்தில் கரைகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.