மூணு கம்பெனி, ஒரே காரணம்

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சாம்பசிவன் உடைத்த தேங்காய்கள் வீண் போயின என்று யாரும் சொல்லிவிட முடியாது. மகள் சுப்புலக்ஷ்மிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் உடைத்தார்; ஒவ்வொரு தடவையும் கிடைத்தது. கிடைத்த வேலை நிலைக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளாதது அவர் பிசகு. பிள்ளையார் கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

டீ கம்பெனி, கயிறு கம்பெனி, மருந்துக் கம்பெனி, மோட்டார் சாமான் கம்பெனி. இரண்டரை வருஷத்துக்குள் நாலு இடம். வலியசாலைத் தெருவில் டைப் அடித்துச் சம்பாதிக்கும் பெண் அவள் ஒருத்திதான் என்பதால், இந்தக் கணக்கைத் தெருவே வைத்திருந்தது. "பொண்ணுக்கு ஒரு எடத்துல கால் தரிக்காது போல இருக்கு" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். சாம்பசிவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கொழந்தை என்ன பண்ணுவா? அந்தக் கம்பெனிகளுக்குத்தான் கிரகம் சரியில்லை" என்பார். அப்படித்தான் மகள் அவரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

இன்று ஐந்தாவது இடம். பழவங்காடியில் மாடி மேல் இருந்த ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளை ஆபீஸ். இதுவும் போனால் திருவனந்தபுரத்தில் இனித் தட்டுவதற்குக் கதவு கிடையாது என்று சுப்புலக்ஷ்மிக்குத் தெரியும். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தெருவார் பொதுவாகப் பூஜை நடத்தும் சமூக மடத்தில் நைவேத்தியச் சமையல் அவருடையது. விறகுப் புகையில் கண் இரண்டும் எந்நேரமும் சிவந்தே இருக்கும். அவரை அந்த அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அவளுடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான்.

அப்பா கூடவே வந்தார். "நான் வெளியிலேயே இருந்துக்கறேன், நீ போ" என்று மாடி வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அறைக்கு இருந்தது அரைக்கதவுதான். அவருடைய காலும் குடை நுனியும் கீழே தெரிந்தன.

உள்ளே இரண்டு பேர். மேனேஜர் ஸ்ரீகண்டன், வெற்றிலைச் சிவப்பு உதடும் நிதானமான பேச்சுமாக இருந்தார். பக்கத்தில் ரத்னாபாய், தலைமை டைப்பிஸ்ட், நாகர்கோவில்காரி. டைப் டெஸ்டை நடத்தியவள் அவள்தான். டெஸ்டில் குறையே இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

மேனேஜர் சர்டிபிகேட்டுகளைப் புரட்டினார்.

"வேலை திருப்தி, நடத்தை நன்று. நாலு பேரும் இதேதான் எழுதியிருக்கா. பின்னே எதுக்கு நாலு எடம்?"

சுப்புலக்ஷ்மி இதற்கு ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தாள்.

"டீ கம்பெனி எறணாகுளத்துக்கு மாறிப் போயிடுத்து சார்."

"செரி. அது எனக்கும் தெரியும். கயிறு கம்பெனி?"

"அது லீவ் வேக்கன்சி. பழைய ஆள் திரும்பி வந்துட்டார்."

"மருந்துக் கம்பெனி?"

"அங்கே ஆளைக் குறைச்சா."

"மோட்டார் கம்பெனி?"

"சம்பளம்... ஒத்துவரலை."

தனித்தனியாக ஒத்திகை பார்த்தபோது ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. வரிசையாகச் சொல்லும்போது அவள் காதுக்கே நாராசமாக இருந்தது. வெளியே குடை நுனி ஒரு தரம் நகர்ந்தது. அப்பாவிடம் மருந்துக் கம்பெனிக்கு அவள் சொன்ன காரணம் வேறு.

"உங்களைத் தப்பாச் சொல்லலை" என்றார் மேனேஜர். "இங்கே ஒரு டைப்பிஸ்டைப் பழக்கி எடுக்க ஆறு மாசம் ஆகும். பாலிசிதாரர் பேரு, ஏஜென்ட் பேரு, ஹெட் ஆபீசுக்கு எதை எப்படி எழுதணும், எல்லாம் கைக்கு வரணும். வந்த உடனே நீங்க போயிட்டா நான் ஆதியிலேர்ந்து தொடங்கணும். எனக்கு வேண்டியது நிக்கற ஆளாக்கும்."

அந்த நேரத்தில் உள் அறையில் டெலிபோன் அடித்தது. மேனேஜர் எழுந்து போனார்.

ரத்னாபாய் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"பிள்ளே, நீ சொன்னதுல டீ கம்பெனி மட்டும் நெஜம். மத்தது மூணும் பொய். ஒனக்குப் பொய் சொல்ல வரல்ல, அது நல்ல கொணம்தான். என்னத்துக்கு மக்ளே இப்படி? கள்ளத்தனம் ஏதாவது பண்ணினியா?"

"ஐயோ, இல்லே!"

"பின்னே அவர் வரதுக்குள்ள சொல்லு."

சுப்புலக்ஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டரை வருஷமாக ஒருத்தர் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே என்று தன்மேலேயே இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் அழுகை முட்டும்போது குரல் தாழ்ந்து நிற்குமா என்ன?

"எங்காத்துல மாசம் மூணு நாள் நான் வெளியே போறதில்லை. பின்கட்டு ரூம்லயே இருக்கணும். அப்பா நைவேத்தியம் பண்றவர். ஆத்துல மடி ஆசாரம். ஆபீசுல ஒவ்வொரு மாசமும் ஜுரம், தலைவலின்னு எழுதிக் கொடுத்தேன். மூணு மாசம் பார்ப்பா, நாலு மாசம் பார்ப்பா. அப்புறம், ஒடம்பு சரியில்லாத பொண்ணு, வேண்டாம்னு நல்லபடியாவே அனுப்பிடுவா. ஆம்பளைகள்கிட்டே எப்படிச் சொல்றது?"

"ஒங்கம்மை?"

"அம்மா இல்லே."

"அப்பாகிட்டே சொல்லலையா, இதாலதான் வேலை போகுதுன்னு?"

"எப்படிச் சொல்லுவேன்? அந்த மூணு நாளும் அவர்தான் எனக்குச் சமைச்சுப் போடறார். நான் தட்டை எடுத்துப் பின்கட்டு வாசல்ல வெச்சா அவருக்குத் தெரிஞ்சுடும். ஒண்ணும் கேக்க மாட்டார். சுடச்சுடக் கொண்டுவந்து போட்டுட்டு, நான் சாப்பிடற வரைக்கும் தள்ளி நின்னுண்டிருப்பார். அதுதான் என் வேலையைக் கெடுக்கறதுன்னு அவர்கிட்டே சொன்னா, அவர் மனசு என்ன ஆகும்?"

ரத்னாபாய் கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"செரி, காரணம் நல்ல காரணம். ஆனா இப்ப மட்டும் என்ன மாறியிருக்கு? அடுத்த மாசமும் அதே மூணு நாள் வருமே?"

ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று பொய்களை ஜோடித்தவள், இந்த ஒரு கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் மாறலை" என்றாள் கடைசியில். "இன்னிக்கு அப்பாகிட்டே சொல்லிடறேன். எப்படியாவது சொல்லிடறேன்."

வெளியே பெஞ்ச் முனகியது. அரைக்கதவுக்குக் கீழே இரண்டு கால்களும் எழுந்து நின்றன.

"சொல்ல வேண்டாம்" என்றது அப்பாவின் குரல். "கேட்டுட்டேன்."

கதவை அவர் தள்ளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவுப் பலகையைப் பார்த்தே ரத்னாபாயிடம் சொன்னார். "அவ வருவா அம்மா. எல்லா நாளும் வருவா. நான் பார்த்துக்கறேன்." கால்கள் திரும்பின. மாடிப்படியில் மெதுவாக இறங்கும் சத்தம் கேட்டது.

ரத்னாபாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "கண்ணைத் தொடச்சுக்கோ. சார் வாராரு. காரணத்தை மூணாக்காதே, ஒண்ணாச் சொல்லு. எந்த நாளு, என்னன்னு அவரு கேக்க மாட்டாரு. அவருக்கும் அக்கா தங்கச்சி உண்டு."

மேனேஜர் வந்து உட்காருமுன்பே சுப்புலக்ஷ்மி ஆரம்பித்துவிட்டாள்.

"சார், நான் முதல்ல சொன்னது செரியில்லை. டீ கம்பெனி ஊர் மாறினது நெஜம். மத்த மூணு எடத்துலயும் நான் மாசாமாசம் லீவு எடுத்தேன். அதனாலே போச்சு. ஆத்து நிலைமை அப்படி இருந்தது. நானா எந்த வேலையையும் வேண்டாம்னு விடலை. இப்போ அந்த நிலைமை தீர்ந்தாச்சு. வேலையைப் பத்தி யாரும் குத்தம் எழுதலைன்னு நீங்களே பார்த்தேள். மூணு மாசம் வெச்சுப் பாருங்கோ. ஹாஜர்ல குறை இருந்தா நீங்க சொல்லாமலே நான் போயிடறேன்."

மேனேஜர் அவளைப் பார்த்தார், ரத்னாபாயைப் பார்த்தார், பிறகு எதையோ புரிந்துகொண்டவர் போல அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார். காது நுனி உதட்டை விடச் சிவந்துவிட்டது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் மின்விசிறியிடம். "மூணு மாசம் ட்ரையல். திங்கட்கிழமை வந்துடுங்கோ."

கீழே அப்பா குடையை ஊன்றிக்கொண்டு கோயில் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். இரண்டு பேரும் சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். ஆரியசாலை மொத்தக்கடைகளில் மிளகு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுதுப்பா."

இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று.

"எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லப்படாதா, குட்டி?"

"எப்படிப்பா சொல்றது?"

"அதுவும் செரிதான்" என்றார் அவர். மூட்டை தூக்கிவந்த சுமட்டுக்காரன் ஒருவனுக்கு ஒதுங்கி வழிவிட்டார். "எனக்கு அந்த மூணு நாள்னா ஒரு சந்தோஷம், கேட்டியோ? மத்த நாள்ல விடிஞ்சதும் ஆறிப்போன சாதத்தைப் பொட்டலம் கட்டிண்டு ஓடறே. அந்த நாள்லதான் நான் வெச்சதை நீ சூடாச் சாப்பிடறதைப் பார்ப்பேன். ஒங்கம்மா போனதுக்கப்புறம்... அதனாலே நான் வேற எதையும் யோசிக்கலை."

நடுத்தெருவில் அப்பாவைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் வலியசாலையில் கிடையாது. சுப்புலக்ஷ்மி அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள்.

"தெரு என்ன சொல்லும்பா?"

"தெருவுக்கு எப்படித் தெரியும்? நீ தினம் போனா எந்த நாள்னு எவனுக்குத் தெரியப் போறது? போகாம உட்கார்ந்திருந்தோமே, அப்போதான் ஊர் பூரா தெரிஞ்சுது. நாமளேன்னா தம்பட்டம் அடிச்சிருக்கோம்!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பில் கண் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அந்த நாள் வந்தது. விடியற்காலையில் அவள் பின்கட்டு ரூமில் படுக்கையைச் சுருட்டி வைத்தாள். தட்டை எடுத்து வாசலில் வைக்கக் கை கூசியது. வழியில் அப்பா சொன்னது வழியோடு போய்விட்டதோ என்னவோ. பழக்கம் என்பது லேசில் விடுகிற சமாச்சாரமா? வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பா வரும் சத்தம் கேட்டது. தட்டருகே நின்றார். போய்விட்டார். அடுப்படியில் பாத்திரம் உருண்டது. மறுபடியும் வந்தார். எதையோ வைத்தார்.

எட்டிப் பார்த்தாள். தட்டில் சாதம் இல்லை. மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிய தூக்குப் பாத்திரம் இருந்தது. மிளகுக் குழம்பு வாசனை துணியை மீறி வந்தது.

அப்பா வழக்கம் போலத் தள்ளித்தான் நின்றிருந்தார். கொல்லைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"இன்னும் எதுக்கு ஒக்காந்திருக்கே? ஆபீசுக்கு நேரமாயிடுத்து" என்றார். "ஆறிடும்னு கவலைப்படாதே. ராத்திரி சூடா வெச்சுண்டு இங்கேயே நிப்பேன்."